கழிந்த பணம் இப்போது யாருடைய பேரேட்டில் இருக்கிறது?

"பணம் கட் ஆயிடுச்சு சார், ஆனா பேமென்ட் ஃபெயில்னு காட்டுது. பணம் எங்க போச்சு?"

சென்னையில் ஒரு வங்கியின் ரீகன்சிலியேஷன் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிரிவு அது. எங்கள் மேசைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை மேலே உள்ள இரண்டு வரிகளில் அடங்கிவிடும். அந்தக் கடைசிக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் இருக்கிற வருத்தம். "மூன்று வேலை நாளில் வந்துவிடும்" என்பார்கள். அது பதிலே இல்லை.

பதில் இதுதான்: கழிந்த பணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். உங்கள் வங்கியின் பேரேட்டில், அல்லது வாங்க வேண்டியவரின் வங்கிப் பேரேட்டில், அல்லது கடைக்காரருக்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கணக்கில். எதில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும். தவறான இடத்தில் கேட்டு வாரக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் குழப்பம் இப்போது பெரும்பாலும் யுபிஐ-யில்தான் நடக்கிறது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள், மதுரையில் இருக்கும் தங்கைக்கு 3,000 ரூபாய் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வேறு வேறு வங்கி. பின் நம்பரைப் போட்டதும் உங்கள் ஆப்பிலிருந்து ஒரு செய்தி என்பிசிஐ-க்குப் போகிறது. யுபிஐ-யை நடத்தும் நடுவர் அதுதான். என்பிசிஐ முதலில் உங்கள் வங்கியிடம், "இவர் கணக்கில் 3,000 கழியுங்கள்" என்று கேட்கும். "கழித்துவிட்டேன்" என்று பதில் வந்த பிறகுதான் தங்கையின் வங்கியிடம், "இவர் கணக்கில் 3,000 வரவு வையுங்கள்" என்று கேட்கும். அங்கிருந்தும் "வைத்துவிட்டேன்" என்று பதில் வந்தால் இரண்டு பக்கமும் பச்சை டிக் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்க ஒரு கெடு உண்டு. முன்பு 30 விநாடி. 2025 ஜூனில் அதை 15 விநாடியாகக் குறைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சில விநாடிகளில் ஓடுவதெல்லாம் செய்திகள் மட்டும்தான். வங்கிக்கும் வங்கிக்கும் நடுவில் அப்போது ஒரு ரூபாய்கூட நகர்வதில்லை. உங்கள் வங்கி உங்கள் கணக்கில் 3,000-ஐக் கழித்து, யுபிஐ-க்கென்று வைத்திருக்கும் தன்னுடைய சொந்தக் கணக்கு ஒன்றில் வரவு வைக்கிறது. தங்கையின் வங்கியும் அப்படியே தன்னுடைய யுபிஐ கணக்கிலிருந்து எடுத்து அவள் கணக்கில் போடுகிறது. அசல் பணம் அப்புறம்தான் கைமாறும். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் நாள் முழுக்கச் சரக்கு மாற்றிக்கொண்டு, நோட்டில் எழுதிவைத்து, அப்புறம் யார் யாருக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்த்து மிச்சத்தை மட்டும் கொடுப்பார்கள் இல்லையா, அதுபோல. என்பிசிஐ ஒரு நாளில் பலமுறை இந்தக் கணக்கை முடித்து, ரிசர்வ் வங்கியில் உள்ள வங்கிகளின் கணக்குகள் வழியாக மிச்சத்தை மட்டும் நகர்த்துகிறது.

இனி இது எங்கெங்கே அறுகிறது என்று பார்க்கலாம்.

முதல் இடம் உங்கள் வங்கி. அது பணத்தைக் கழித்துவிட்டது, ஆனால் "கழித்துவிட்டேன்" என்ற பதில் கெடுவுக்குள் என்பிசிஐ-க்குப் போய்ச் சேரவில்லை. சர்வரில் நெரிசல் இருந்தால் இப்படி நடக்கும். பதில் வராததால் என்பிசிஐ அந்தப் பரிவர்த்தனையைத் தோல்வி என்று முடித்துவிடும். தங்கையின் வங்கியிடம் போகவே போகாது. கூடவே உங்கள் வங்கிக்கு, "ஒருவேளை கழித்திருந்தால் திருப்பிப் போடுங்கள்" என்று ஒரு ரிவர்சல் செய்தியும் அனுப்பும். பணம் உங்கள் வங்கியை விட்டு நகரவே இல்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு, அதே கூரைக்குள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடும். கழிந்த எஸ்எம்எஸ் வந்த சூட்டோடு வரவு எஸ்எம்எஸ்ஸும் வருவது இதனால்தான்.

ஆனால் சர்வர் திணறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்தான் ரிவர்சல் செய்தியும் போய்ச் சேருகிறது. அதுவும் விழுங்கப்பட்டால்? அப்போதுதான் எங்கள் பிரிவுக்கு வேலை வரும். என்பிசிஐ ஒவ்வொரு கணக்கு முடிப்புக்கும் ஒரு கோப்பு அனுப்பும். அதை ஒரு பக்கம் வைப்போம். வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் என்ன பதிவாகியிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். வங்கியின் யுபிஐ சர்வர் தன் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போகும் வரிகளை மென்பொருளே தள்ளிவிடும். மிஞ்சுவது ஒத்துப்போகாத வரிகள். நம்மிடம் "கழிந்தது", என்பிசிஐ கோப்பில் "தோல்வி" என்று இருக்கும் வரி கிடைத்தால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, வாடிக்கையாளருக்கு வரவு வைக்க வேண்டியதுதான். இந்த வகைப் பணம் மறுநாள் திரும்பிவருவதற்கு இந்த ஒப்பீடுதான் காரணம்.

அறுகிற இரண்டாவது இடம் தங்கையின் வங்கி. அது தெளிவாக மறுத்துவிட்டால், உதாரணமாகக் கணக்கு மூடப்பட்டிருந்தால், சிக்கல் இல்லை. என்பிசிஐ உடனே உங்கள் வங்கியிடம் திருப்பிப் போடச் சொல்லிவிடும். சிக்கல், அந்த வங்கி ஒன்றுமே சொல்லாமல் இருக்கும்போதுதான்.

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது. தங்கையின் வங்கிக்குச் செய்தி போய்விட்டது. பதில் இல்லை. அவள் கணக்கில் வரவு வைத்துவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் போனதா, வரவே வைக்கவில்லையா என்று நடுவில் இருக்கும் என்பிசிஐ-க்குத் தெரியாது. "தோல்வி" என்று சொல்லி உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அவளுக்கும் வரவு ஆகியிருந்தது என்று தெரிந்தால் அந்த 3,000-க்கு யார் பொறுப்பு? அதனால் இந்த நிலையில் என்பிசிஐ அதைத் தோல்வி என்று எழுதுவதில்லை. "டீம்டு" என்று ஒரு குறி போட்டு, ஆனதாகவே கணக்கில் சேர்த்துவிடும். அடுத்த கணக்கு முடிப்பில் அந்த 3,000 உங்கள் வங்கியிடமிருந்து தங்கையின் வங்கிக்கு உண்மையாகவே போய்விடும். உங்கள் ஆப்பில் மட்டும் Pending என்றோ Processing என்றோ நிற்கும்.

ஆக, உங்களிடமும் இல்லாமல் தங்கையிடமும் இல்லாமல் பணம் நிற்பது அவளுடைய வங்கியின் யுபிஐ கணக்கில். நீங்கள் உங்கள் வங்கியைக் கூப்பிட்டு எவ்வளவு சத்தம் போட்டாலும் அதனிடம் அந்தப் பணம் இல்லை. "எங்கள் பக்கம் வெற்றி என்று காட்டுகிறது" என்று அந்தப் பணியாளர் சொல்வது தட்டிக்கழிப்பு போலத் தெரியும். ஆனால் அவர் திரையில் அப்படித்தான் இருக்கும். தங்கையின் வங்கி தன் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும். வரவு வைத்து, "வைத்துவிட்டேன்" என்று என்பிசிஐ-க்கு உறுதி கொடுக்க வேண்டும். இதை நாங்கள் டிசிசி என்போம். அல்லது பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அது ரிட்டர்ன். இரண்டில் எது நடந்தாலும் Pending முடிந்துவிடும்.

இதற்கு எவ்வளவு நாள் என்பது அந்தந்த வங்கியின் மனசு அல்ல. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அக்டோபர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐ-யில் அனுப்பி, இங்கே கழிந்து அங்கே சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாள் முடிவதற்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கடைக்கோ நிறுவனத்துக்கோ செலுத்தி, அங்கே உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால் ஐந்து நாள் கெடு. அதைத் தாண்டினால் அதே 100 ரூபாய். இணையத்தில் கார்டு போட்டுச் செலுத்தியதற்கும், ஏடிஎம்மில் காசு வராமல் கணக்கில் கழிந்ததற்கும் இதே ஐந்து நாள்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 31 இரவு 11:40-க்கு அந்த 3,000-ஐ அனுப்புகிறீர்கள். நிதியாண்டின் கடைசி இரவு, தங்கையின் வங்கி ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது, பதில் வரவில்லை. பரிவர்த்தனை நாள் மார்ச் 31. அடுத்த நாளான ஏப்ரல் 1 முடிவதற்குள் பணம் திரும்பியிருக்க வேண்டும். ஏப்ரல் 4 அன்றுதான் திரும்புகிறது என்றால், 2, 3, 4 என மூன்று நாள் தாமதம். 300 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். சுற்றறிக்கையில் நாள் என்பது நாட்காட்டித் தேதி. நடுவில் ஞாயிற்றுக்கிழமையோ வங்கி விடுமுறையோ வந்தாலும் எண்ணிக்கை நிற்காது. "வேலை நாள்" என்று தொலைபேசியில் சொல்லும்போது இதைத் திருப்பிச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த 100 ரூபாய் தொகையைப் பொறுத்தது அல்ல. 50 ரூபாய் மாட்டிக்கொண்டாலும் 50,000 மாட்டிக்கொண்டாலும் ஒன்றுதான். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள் என்பேன்.

மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ஆட்கள் அதிகம் அலைக்கழிவது இங்கேதான்.

என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை இரவு கல்லூரிக் கட்டணம் 12,400 ரூபாயைக் கல்லூரியின் இணையதளத்தில் யுபிஐ வழியாகக் கட்டினான். பின் போட்டான், கணக்கில் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்தது. ஆப்பில் கொஞ்ச நேரம் Pending. கல்லூரித் தளம் சுற்றிச் சுற்றி, கடைசியில் நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டது. எனக்குப் போன் செய்தான்.

"மாமா, பணம் போயிடுச்சு. ஆனா ஃபீஸ் கட்டலன்னே காட்டுது. நாளைக்குக் கடைசித் தேதி. திரும்பக் கட்டிரவா?"

"ஆப்ல இப்ப என்ன காட்டுது, அதைச் சொல்லு."

"பெண்டிங்."

"அது மாறட்டும். இருக்கிறதுலயே அவசரப்படக் கூடாத நேரம் இதுதான்டா."

காலையில் ஆப்பில் Success என்று மாறியிருந்தது. கல்லூரித் தளத்தில் மட்டும் கட்டணம் பாக்கி. அவன் அதற்குள் வங்கியில் புகார் கொடுத்து, "பரிவர்த்தனை வெற்றி" என்ற ஒரு வரிப் பதிலையும் வாங்கியிருந்தான். அவனுக்குக் கோபம். எனக்கு அந்தப் பதிலில் ஒரு நல்ல தகவல் கிடைத்தது: பணம் இரண்டு வங்கிகளையும் கடந்துவிட்டது.

கல்லூரி, துணிக்கடை, பேருந்து டிக்கெட் தளம் போன்றவை பெரும்பாலும் நம் பணத்தை நேரடியாக வாங்குவதில்லை. பேமென்ட் அக்ரிகேட்டர் என்ற ஒரு நிறுவனம் நடுவில் இருக்கும். நாம் செலுத்துவது அந்த நிறுவனம் ஒரு வங்கியில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்குக்குப் போகும். அங்கிருந்து பிறகு கல்லூரிக்குப் போகும். எஸ்க்ரோ என்பது அந்த நிறுவனம் தன் சொந்தச் செலவுக்குத் தொட முடியாத கணக்கு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட விதிகளிலிருந்தே இது கட்டாயம். பணம் வந்ததும் அக்ரிகேட்டர் கல்லூரியின் சர்வருக்கு, "இந்த மாணவர், இந்தத் தொகை, வந்துவிட்டது" என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். என்பிசிஐ-யின் பதில் தாமதமாக வந்து, அதற்குள் கல்லூரித் தளம் அந்த முயற்சியைக் காலாவதியாக்கிவிட்டால், பணம் எஸ்க்ரோவில் இருக்கும், கட்டணப் பதிவு இருக்காது. இதில் உங்கள் வங்கியோ என்பிசிஐ-யோ சரிசெய்ய அவர்கள் பக்கம் எந்தப் பிழையும் தென்படாது.

அவன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். சில ஆப்களில் UTR, சிலவற்றில் UPI Ref No என்று போட்டிருப்பார்கள். ஆப் தனக்காக வைத்துக்கொள்ளும் நீளமான எண் வேறு; அது வெளியில் யாருக்கும் பயன்படாது. இரண்டு வங்கிகளுக்கும் என்பிசிஐ-க்கும் அக்ரிகேட்டருக்கும் பொதுவாகத் தெரிந்தது இந்த 12 இலக்கம்தான். அதோடு தேதி, நேரம், தொகை, தன் பதிவு எண் எல்லாவற்றையும் எழுதிக் கல்லூரிக் கணக்குப் பிரிவுக்கும், தளத்தில் பெயர் போட்டிருந்த அக்ரிகேட்டருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பச் சொன்னேன். கணக்குப் பிரிவில் இருந்தவர் அக்ரிகேட்டரின் அறிக்கையைத் திறந்து அந்த எண்ணைத் தேடினார். இருந்தது. கட்டணம் ஏறியது. கெடு முடிவதற்குள் கட்ட முயன்றதற்கு அந்த எண்ணே சாட்சி என்பதால் அபராதமும் போடவில்லை.

அவன் சனிக்கிழமை இரவே மறுபடி கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவது பணத்துக்குக் கட்டணம் ஏறியிருக்கும். முதல் 12,400 எஸ்க்ரோவில் தனியாக நின்றிருக்கும். அதைத் திருப்புவது ரிவர்சல் அல்ல, ரீஃபண்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. ரிவர்சல் என்பது முடியாத பரிவர்த்தனையைப் பின்னோக்கி அழிப்பது; பழைய எண்ணோடு ஒட்டியே வரும். ரீஃபண்ட் என்பது முடிந்துபோன ஒன்றுக்குப் பதிலாக, விற்றவர் பக்கத்திலிருந்து புதிதாக அனுப்புவது. பெரும்பாலும் வேறு எண்ணில் வரும். அதனால் பழைய எண்ணை வைத்துத் தேடிவிட்டு "வரவில்லை" என்று முடிவுசெய்யாதீர்கள். ரீஃபண்ட் ஆகிவிட்டது என்று விற்றவர் சொன்னால் அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லை என்றால் அனுப்பியதற்கு எந்தச் சான்றும் இல்லை.

நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பணம் மாட்டிக்கொண்டவர்கள் பதற்றத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடுகிறார்கள். அங்கே மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்களும் கிடக்கின்றன. கூப்பிட்டால் கனிவாகப் பேசி, ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் போடுங்கள் என்பார்கள். பணம் உள்ளே வர யுபிஐ-யில் பின் தேவையே இல்லை. பணம் தருவதாகச் சொல்லிப் பின் கேட்டாலே, பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள். 12,400 மாட்டிக்கொண்டதற்குப் புகார் கொடுக்கப் போய் மீதிக் கணக்கையும் இழந்து, அழுதுகொண்டு கிளைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணை ஆப்புக்குள்ளிருந்தும், பாஸ்புக்கிலிருந்தும், கார்டின் பின்பக்கத்திலிருந்தும் மட்டும் எடுங்கள்.

சரி, புகார். ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனைக்குள் போய்ப் புகார் பொத்தானை அழுத்துவதுதான் முதல் வேலை. அது 12 இலக்க எண்ணையும் சேர்த்துக்கொண்டு உரிய இடத்துக்குப் போகும். தொலைபேசியில் எண்ணைச் சொல்லி ஓர் இலக்கம் தப்பாக எழுதப்படும் வாய்ப்பு இல்லை. கெடு தாண்டியும் தீரவில்லை என்றால் உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். பணம் அடுத்த வங்கியில் நின்றாலும் உங்கள் வங்கிக்கே கொடுங்கள்; என்பிசிஐ வழியாக அங்கே கேட்கும் உரிமை அதற்குத்தான் இருக்கிறது. கடைக்குச் செலுத்திய விஷயம் என்றால், "கணக்கில் கழிந்தது, விற்பவர் இடத்தில் உறுதிச் செய்தி சேரவில்லை" என்று சுற்றறிக்கையில் இருக்கும் அதே பொருளில் எழுதுங்கள். வெறுமனே "பணம் போச்சு" என்று எழுதினால் "பரிவர்த்தனை வெற்றி" என்ற அந்த ஒரு வரிதான் திரும்பி வரும்.

இழப்பீட்டை நாம் கேட்கத் தேவையில்லை, வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. அசல் வந்த நிம்மதியில் அந்தத் தனி வரியைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. ஸ்டேட்மென்டில் பணம் கழிந்த தேதியையும் அசல் திரும்பிய தேதியையும் பாருங்கள், கெடு எந்தத் தேதியில் முடிந்தது என்று எண்ணுங்கள், அதற்குரிய தொகை தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று தேதிகளையும் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கியில் கொடுத்த புகாரின் எண்ணும் தேதியும் அங்கே முதலில் கேட்கப்படும்.